பண்டாரவளைப் பழைய வீடு: விளம்பரத் தலைப்பில் முதலில் எதைப் போடுவது?

ஊவாக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா 1956இல் கட்டிய வீட்டை விற்கப்போகிறோம். பண்டாரவளை நகரத்திலிருந்து 1.2 கிலோமீற்றர். காணி 32 பேர்ச். நாலு அறை, இரண்டு குளியலறை, பெரிய விறாந்தை, சிவப்புச் சீமெந்துத் தரை, பலா மரக் கதவுகள், ஹோலில் சிம்னி. விறாந்தையில் நின்றால் எதிர்மலை முழுவதும் தெரியும். கூரைத் தகரத்தை 2021இல் மரத்தோடு சேர்த்து மாற்றினோம். அப்பா போன பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. நானும் அக்காவும் தம்பியும் மூன்று ஊரில் இருக்கிறோம், மூன்று பேருக்கும் விற்க சம்மதம்.

இணையத்தில் போட்ட விளம்பரத்துக்கு நான் வைத்த தலைப்பு இது:

"பண்டாரவளையில் அழகிய மலைக்காட்சியுடன் கூடிய விசாலமான பழைய பங்களா விற்பனைக்கு, அவசரம்"

சில வாரமாகக் கோல் வருகிறது, ஆனால் பாதிப் பேர் தரகர்கள். மீதிப் பேர் ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். விலையை இங்கே பேச வரவில்லை, அதை மதிப்பீட்டாளரைக் கொண்டு பார்த்தாயிற்று. என் கேள்வி தலைப்பைப் பற்றி மட்டும்தான். இத்தனை விஷயத்தில் எதை முன்னால் வைப்பது?

தேயிலைத்தூள்

காட்சிதான் அண்ணே, வேறென்ன! எல்ல, ஹப்புத்தளைப் பக்கம் ஆட்கள் காட்சிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். "மலைக்காட்சி, சிம்னி, கொலனித்துவ பங்களா, விருந்தினர் விடுதிக்கு உகந்தது" என்று போடுங்கள். கொழும்புக்காரர் ஓடி வருவார்கள். "அவசரம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள், அதுதான் தரகர்களைக் கூப்பிடுகிறது.

ஹட்டன் அக்கா

"அவசரம்" பற்றித் தம்பி சொன்னது சரி. அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் விலையைப் பாதியாகக் கேட்கலாம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிம்னி விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள். டிக்கோயாவில் அம்மாவின் வீட்டை விற்கும்போது நானும் தலைப்பில் சிம்னியைத்தான் போட்டேன், படத்திலும் அதுதான் முதலில். வந்த கோலில் பாதி, "அக்கா, கல்யாணப் போட்டோ எடுக்க ஒரு நாளைக்குத் தருவீங்களா?" என்றுதான். வாங்க வந்த ஒருவர் ஆசையாக விறகை வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார். மேலே புகைக்குழாயைத் தகரத்தால் மூடியிருந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஹோல் முழுக்கப் புகை. கடைசியில் வாங்கியவர் சிம்னியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லொறி உள்ளே வருமா என்றுதான் கேட்டார், அவருக்கு மரக்கறி வியாபாரம்.

கந்தோர்க்காரன்

பதுளையில் நொத்தாரிசு கந்தோரில் காலம் கழித்தவன் நான். உறுதி எழுத வந்த வாங்குபவர்களோடு பேசிப் பேசி ஒன்று தெரிந்துகொண்டேன், அதைச் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் தலைப்பைப் போனில் திறந்து பாருங்கள். பட்டியலில் "பண்டாரவளையில் அழகிய மலைக்காட்சியுடன்" என்பதோடு வெட்டுப்படும். பண்டாரவளை என்பதை அந்தத் தளமே கீழே தனியாகக் காட்டுகிறது. அறை எண்ணிக்கையும் அப்படித்தான். மலைக்காட்சி? மலைநாட்டில் விற்கும் வீடுகளில் எதற்குத்தான் மலைக்காட்சி இல்லை? படத்தில் தெரியப்போவதை எழுத்தில் சொல்லி, இருக்கும் ஒரு வரியைச் செலவழித்துவிட்டீர்கள்.

"கொலனித்துவ" என்று போட வேண்டாம். நாடு 1948இல் சுதந்திரம் அடைந்தது, உங்கள் வீடு 1956. வீட்டின் வருடம் காகிதங்களில் தெரிந்துவிடும். வாங்குபவர் அதைப் பார்த்ததும், வேறு எதைக் கூட்டிச் சொல்லியிருப்பார்களோ என்று தேட ஆரம்பிப்பார்.

பழைய வீடு என்றதும் வாங்குபவருக்கு ஒரு பயம், மலைநாடு என்றதும் இன்னொரு பயம். பழைய வீடு என்றால் கூரை ஒழுகும், வயரிங் போயிருக்கும். மலை என்றால் காணியில் பாதி பள்ளமாக இருக்கும், வாகனம் வராது, மழைக்கு மண் சரியும். இந்தப் பயங்களில் எதற்கு உங்களிடம் காகிதத்தோடு பதில் இருக்கிறதோ அதுதான் தலைப்புக்குப் போக வேண்டும். மற்ற அழகையெல்லாம் படம் பார்த்துக்கொள்ளும்.

அதனால் மூன்று கேள்வி கேட்கிறேன். 32 பேர்ச்சில் சமதரை எவ்வளவு? வாகனம் வாசல் வரை வருமா, வந்தால் அந்த வழி உறுதியில் இருக்கிறதா? கூரை மாற்றிய பில் கையில் இருக்கிறதா? கோல் எடுத்தவர்கள் எதைக் கேட்டுவிட்டு வைத்தார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

வெலிமடை வளவு

ஐயா, எனக்கும் இதே பிரச்சினை. எங்கள் காணி ஜயபூமி, வீடும் பழசு. விற்கலாமா? விளம்பரத்தில் "ஜயபூமி" என்று முதலிலேயே போட வேண்டுமா, அல்லது வந்து பார்த்த பிறகு சொல்லலாமா?

கந்தோர்க்காரன்

வெலிமடைத் தம்பி, உங்களுடையது தலைப்புப் பிரச்சினையே இல்லை. அரசு கொடுத்த அளிப்புக் காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் அனுமதி விஷயத்தைக் கேளுங்கள். விளம்பரம் அதற்குப் பிறகுதான். தனி இழை ஒன்று போடுங்கள், அங்கே பேசுவோம்.

ஊவாக்காரன்

நன்றி ஐயா. யோசித்துப் பார்த்தேன், கோல் எடுத்த குடும்பத்துக்காரர் அநேகமாக எல்லோரும் கேட்டது இரண்டுதான்: "வாகனம் போகுமா?", "பள்ளமா, சமதரையா?" டித்வா புயல் மழைக்குப் பிறகு என்பதால், "நவம்பரில் அந்தப் பக்கம் ஏதும் சரிந்ததா?" என்றும் சிலர் கேட்டார்கள். காட்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போய் நாடா பிடித்து அளந்தேன். வீடும் முற்றமும் பின்வளவும் சேர்ந்த சமதரை கிட்டத்தட்ட நீள்சதுரம், 72 அடிக்கு 68 அடி. 4,896 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே கிட்டத்தட்ட 18 பேர்ச் வருகிறது. மீதி 14 பேர்ச் கீழே மூன்று தட்டாக இறங்குகிறது, அதில் பேரிக்காயும் கோப்பியும் நிற்கிறது.

கூரை பில் இருக்கிறது, தகரக் கடை பில், பாஸ் எழுதிக் கொடுத்த கூலிக் கணக்கு எல்லாம். வாகனம் வாசல் வரை வருகிறது. அப்பாவின் வான் முற்றத்தில்தான் நிற்கும். உறுதியை இன்னும் பார்க்கவில்லை.

சங்கிலி

நில அளவை வேலை பார்ப்பவன். அண்ணன் அளந்தது நல்லது, ஆனால் ஒரு கேள்வி. 68 அடி என்பது கல்கட்டின் விளிம்பு வரைக்குமா?

ஊவாக்காரன்

ஆமாம், கல்கட்டு வரை.

சங்கிலி

அப்படியென்றால் விளிம்போடு ஒரு ஆறடியைக் கழித்துவிடுங்கள். அந்த இடத்தில் யாரும் அறை கட்ட முடியாது, வாகனம் நிறுத்தவும் கூடாது, பாரம் நேரே கட்டின் மேல் விழும். வாங்க வருபவர் கூட்டிவரும் பாஸ் முதலில் அங்கேதான் போய் நிற்பார். 72க்கு 62 என்றால் 4,464 சதுர அடி, 16.4 பேர்ச். தலைப்பில் 16 என்று போடுங்கள். வந்து அளந்தால் கூடுதலாக இருக்கட்டும், குறையக் கூடாது.

அப்புறம், கல்கட்டைக் கீழ்த் தட்டில் இறங்கி நின்று பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வடியும் துவாரங்கள் மண்ணால் அடைபட்டிருக்கிறதா என்று. துவாரம் அடைபட்டால் மழைத் தண்ணீர் கட்டுக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளும். கம்பி விட்டுச் சுத்தம் செய்வது சின்ன வேலை. சமதரையைத் தலைப்பில் போடுகிறீர்கள் என்றால், அந்தச் சமதரையைத் தாங்கி நிற்பது அந்தக் கட்டு. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று, பிளானில் உள்ள 32 பேர்ச் மேலிருந்து பார்க்கும் கிடைப் பரப்பு. சரிவான காணியில் நடந்தால் நிலம் அதைவிடக் கூடுதலாகத் தோன்றும். சிலர் "உண்மையில் 35 இருக்கும்" என்று வாயால் சொல்லி விற்கப் பார்ப்பார்கள். வேண்டாம்.

தேயிலைத்தூள்

16 என்று போட்டால் 32 பேர்ச் காணி சின்னதாகத் தெரியாதா? நான் வாங்குபவனாக இருந்தால் தாண்டிப் போய்விடுவேன்.

ஹட்டன் அக்கா

தாண்டிப் போகட்டுமே தம்பி. 32 என்று மட்டும் போட்டால் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்து, பாதி பள்ளம் என்று பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகும். அதற்குப் பிறகு நல்லதையும் நம்பமாட்டார்கள். இரண்டையும் போடலாம், "32 பேர்ச், 16 சமதரை" என்று.

கந்தோர்க்காரன்

அக்கா சொன்னது பொருத்தம். மொத்தப் பேர்ச் பெரும்பாலும் தளத்தின் தனிக் கட்டத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அக்கா சொன்னபடி இரண்டையும் எழுதுங்கள்.

ஊவாக்காரன், உறுதியைப் பாருங்கள் என்று சொன்னதை மறக்க வேண்டாம். கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கும். காணியின் நான்கு எல்லையைச் சொன்ன பிறகு, வழி உரிமை இருந்தால் அது தனியாக எழுதியிருக்கும்: எந்தத் துண்டின் ஊடாக, எத்தனை அடி அகலம், நடைபாதையா வாகனப் பாதையா என்று. பிளானிலும் அதே அகலம் இருக்க வேண்டும்.

ஸ்கார்பரோ வாசி

இங்கே எத்தனையோ பேர் மலைநாட்டில் ஒரு வீடு தேடுகிறார்கள். தலைப்பில் "வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு உகந்தது" என்று போட்டால் நல்ல விலை போகுமே? நானே யோசிக்கிறேன்.

கந்தோர்க்காரன்

யோசிப்பதற்கு முன் ஒரு விஷயம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணியை எழுதிக் கொடுக்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் தடை இல்லை. கனடியக் கடவுச்சீட்டு எடுத்து இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டதென்றால், நீங்கள் பண்டாரவளையில் பிறந்திருந்தாலும் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். தலைப்பில் அப்படிப் போட்டால், வாங்க முடியாதவர்கள்தான் நிறையக் கூப்பிடுவார்கள்.

ஸ்கார்பரோ வாசி

என்னிடம் இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறது. ஆனால் என் மச்சானிடம் இல்லை, அவர்தான் கூடத் துள்ளிக்கொண்டிருந்தார். சொல்லிவிடுகிறேன்.

ஊவாக்காரன்

உறுதியையும் பிளானையும் எடுத்துப் பார்த்தேன். தலை சுற்றுகிறது.

மாநகர சபை வீதி பக்கத்து வளவின் கேற் வரைக்கும்தான். அதற்குப் பிறகு எங்கள் வாசல் வரை ஒரு 60 அடி தூரம். உறுதியின் அட்டவணையில் அது "8 அடி அகல நடைபாதை" என்றுதான் இருக்கிறது. இப்போது அங்கே 11 அடி இருக்கிறது, வான் தாராளமாக வரும். அக்காவிடம் கேட்டேன். தாத்தாவும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் சிநேகிதர்கள், அவர் வேலியைத் தள்ளிப் போட்டு, "வானை விடுங்க" என்று சொன்னாராம். எழுத்தில் ஒன்றும் இல்லை. பெரியவர் இப்போது இல்லை, மகன் கட்டாரில் வேலை.

தேயிலைத்தூள்

பயப்படாதீர்கள். 10 வருஷம் பாவித்தால் அது தானாக உங்கள் உரிமை. சட்டம் அப்படித்தான். "வாகனம் வாசல் வரை" என்று தைரியமாகப் போடுங்கள்.

கந்தோர்க்காரன்

பாதிச் சட்டம் தம்பி. ஆட்சியுரிமைச் சட்டத்தில் 10 வருடக் கணக்கு இருக்கிறது, உண்மை. ஆனால் அந்தப் பாவனை காணிக்காரரின் அனுமதியில் நடந்ததாக இருக்கக் கூடாது. "வானை விடுங்க" என்று அவர் சொன்னதே அனுமதி. சிநேகத்தில் விட்டது எத்தனை வருஷம் போனாலும் சிநேகத்தில் விட்டதுதான். உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அதை நீதிமன்றத்தில் நிறுவித் தீர்ப்பு வாங்கினால்தான் காகிதம். கடன் கொடுக்கும் வங்கியின் சட்டத்தரணி அட்டவணையைப் பார்ப்பார், "8 அடி நடைபாதை" என்று படிப்பார், கோப்பை மூடுவார்.

ஊவாக்காரன், இது விற்பனையைக் கெடுக்கிற விஷயம் இல்லை. விளம்பரத்துக்கு முன்னால் தெரிந்தது நல்லது. பக்கத்து வீட்டு மகனோடு பேசுங்கள். அந்த மூன்று அடியையும் சேர்த்து 11 அடி வாகன வழி என்று அவர் ஒரு வழியுரிமை உறுதி எழுதிக் கொடுத்தால், சேவயர் ஒரு பிளான் கீறி, அதைக் காணிப் பதிவகத்தில் பதியலாம். அவர் வர முடியாவிட்டால் அங்கிருக்கும் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். ஏதாவது தொகை கேட்பார், நியாயம்தான், அது அவருடைய காணி.

அது பதியும் வரை "வாகனம் வாசல் வரை" தலைப்பில் வரக் கூடாது. உள்ளே விவரத்தில் எழுதுங்கள், "மாநகர சபை வீதியிலிருந்து 60 அடி, இப்போது வாகனம் வருகிறது, உறுதியில் 8 அடி நடைபாதை" என்று.

ஹட்டன் அக்கா

ஐயா, உள்ளேயே அவ்வளவையும் எழுத வேண்டுமா? வந்து பார்த்து வீடு பிடித்த பிறகு சொன்னால் போதாதா? முதலிலேயே குறையைச் சொன்னால் யார் வருவார்கள்?

கந்தோர்க்காரன்

சொல்லாமல் விட்டாலும் அவர்களுடைய நொத்தாரிசு கண்டுபிடிப்பார் மகளே. அதற்குள் முற்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டை வரும். ஆனால் நீங்கள் சொல்வதையும் முழுதாகத் தள்ளமாட்டேன். கோலில் முதல் நிமிடத்தில் வாயால் சொன்னாலும் போதும் என்று சில நல்ல தரகர்கள் நினைக்கிறார்கள். எனக்கு எழுத்தில் இருப்பதுதான் பிடிக்கும்.

ஊவாக்காரன்

சரி, அப்படியானால் தலைப்பில் மிஞ்சுவது சமதரையும் கூரையும் நகரத் தூரமும்தான். தம்பி ஒரு யோசனை சொல்கிறான்: "மண்சரிவு அபாயம் அற்றது" என்று போடலாமாம். எங்கள் பக்கம் நவம்பரில் ஒன்றும் ஆகவில்லை, மேலே தேயிலைதான்.

சங்கிலி

தயவுசெய்து வேண்டாம். இந்த முறை சரியவில்லை என்பது ஒரு மழையைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான். அபாயம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்களும் "அபாயமே இல்லை" என்று எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, அந்த இடத்தைப் பார்த்து நிலைமையையும் நிபந்தனைகளையும்தான் எழுதுவார்கள். கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் 2014 அக்டோபரில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லைத் தலைப்பில் பார்த்தால் ஆறுதல் வராது, பயம்தான் வரும்.

தேயிலைத்தூள்

ஆனால் அறிக்கை எடுத்து வைத்திருந்தால்? "கட்டட ஆராய்ச்சி நிறுவன அறிக்கை உண்டு" என்று தலைப்பிலேயே போட்டால் வேறு யாரிடமும் இல்லாத விஷயம் அது. டித்வாவுக்குப் பிறகு ஆட்கள் முதலில் கேட்பதே அதுதான் என்று அண்ணனே சொன்னாரே.

சங்கிலி

அறிக்கை எடுப்பது நல்லது, எடுங்கள். தலைப்பில் போடுவது பற்றித்தான் யோசனை. திகதியோடு உள்ளே போட்டால் கேட்பவருக்கு அனுப்பலாம். அதில் நிபந்தனை ஏதாவது இருந்தால், உதாரணமாக வடிகால் கட்டச் சொல்லியிருந்தால், தலைப்பில் போட்டது கேலியாகிவிடும்.

கந்தோர்க்காரன்

இதில் நான் தேயிலைத்தூள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அறிக்கை கைக்கு வந்து, படித்துப் பார்த்து, நிபந்தனை எதுவும் பெரிதாக இல்லை என்றால், இந்தக் காலத்தில் அதைத் தலைப்பில் போடுவதில் தப்பில்லை. அதுவும் காகிதத்தோடு வரும் பதில்தானே. "அபாயம் அற்றது" என்பது மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த மாவட்டங்களில் புதிதாகக் கட்டப் போனால் அந்த நிறுவனத்தின் சிபாரிசு இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. அதனால் இடித்துவிட்டுக் கட்டலாம் என்று வெறும் காணி விலைக்குக் கேட்பவர், அந்த அலைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும். உறுதியாக நிற்கிற, ஒழுகாத பழைய வீட்டுக்கு இங்கே உள்ள பெறுமதியைச் சமவெளிக்காரர் சட்டென்று விளங்கிக்கொள்வதில்லை. கூரையைத் தலைப்பில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். "பழைய வீடு" என்று படித்ததும் இடிப்பதை நினைப்பவர், "2021இல் மாற்றிய கூரை" என்று படித்தால் குடியிருப்பதை நினைப்பார்.

பிள்ளையின் அம்மா

நான் வாங்கத் தேடுகிற ஆள். பாடசாலையைப் பற்றி யாரும் பேசவில்லையே? முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்க நாங்கள் படும் பாடு தெரியுமா? "பாடசாலைக்கு அருகில்" என்று இருந்தால் நான் முதலில் அதைத்தான் திறப்பேன்.

ஹட்டன் அக்கா

உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது?

பிள்ளையின் அம்மா

நாலு.

ஹட்டன் அக்கா

அப்படியென்றால் பிந்திவிட்டது அம்மா. வதிவிடப் பிரிவில் புள்ளி போடும்போது உறுதி எத்தனை வருஷம் உங்கள் பெயரில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருஷம் பெயர் இருக்கிறது என்றெல்லாம் பார்க்கிறார்கள். இப்போது வாங்கினால் முழுப் புள்ளி வராது. கைக்குழந்தை வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் தலைப்பு. ஊவாக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன பாடசாலை என்றும் அவர் சொல்லவில்லை.

ஊவாக்காரன்

நகரத்துப் பாடசாலைகள் எல்லாம் ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்குள். ஆனால் இடையில் வேறு பாடசாலையும் இருக்கிறது, கிட்ட இருக்கும் பாடசாலைக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்று கேள்வி. அதனால் உள்ளே தூரத்தை மட்டும் எழுதுகிறேன்.

இதோ புதுத் தலைப்பு, திருத்துங்கள்:

"16 பேர்ச் சமதரையில் 4 அறை வீடு, 2021இல் புதுக் கூரை, நகரத்துக்கு 1.2 கி.மீ., தெளிவான உறுதி"

கந்தோர்க்காரன்

"தெளிவான உறுதி"யை எடுங்கள். எல்லோரும் போடுகிறார்கள், அதனால் யாரும் நம்புவதில்லை. வழி விஷயம் இப்படி இருக்கும்போது நீங்கள் போடவும் கூடாது. 30 வருடப் பதிவுப் பிரதிகளை எடுத்து வைத்து, "பிரதிகள் தயார்" என்று உள்ளே எழுதினால் அது தானாகப் பேசும். "4 அறை"யும் கட்டத்தில் இருக்கிறது.

"16 பேர்ச் சமதரையில் குடும்ப வீடு, 2021இல் மாற்றிய கூரை, நகரத்துக்கு 1.2 கி.மீ."

போனில் வெட்டுப்பட்டாலும் "16 பேர்ச் சமதரையில் குடும்ப வீடு" என்பது நிற்கும். முதல் படம் விறாந்தைக் காட்சி வேண்டாம், முற்றத்தின் மூலையில் நின்று வீட்டையும் தரையையும் சேர்த்து எடுத்தது. தலைப்பு சொன்னதை முதல் படம் காட்ட வேண்டும். இரண்டாவது கூரை, உள்ளே மரத்தோடு. மூன்றாவதாகக் காட்சியைப் போடுங்கள், சிம்னி அதற்கும் பிறகு.

தேயிலைத்தூள்

ஐயா, இது என்ன, சீமெந்து விற்கிற மாதிரி இருக்கிறது! சிம்னியும் பலாமரக் கதவும் இருக்கிற வீடு, ஒரு ஆசை வர வேண்டாமா? எல்லப் பக்கம் நான் பார்த்த விளம்பரத்தில் எல்லாம் காட்சிதான் முதலில், அவை விற்கவும் செய்கின்றன.

கந்தோர்க்காரன்

எல்லப் பக்கம் அது சரி. அங்கே வாங்குபவர் விடுதி நடத்தப்போகிறவர், காட்சிதான் அவருடைய வருமானம். பண்டாரவளையில் நகரத்துக்குக் கிட்டவுள்ள நாலு அறை வீட்டுக்கு வருபவர் அநேகமாகக் குடியிருக்கப் போகிறவர். ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கிக்காரர், தோட்டத்துத் துரைமார் கூட. ஊவாக்காரருக்கு வந்த கோலே அதைத்தான் சொல்கிறது. விடுதிக்காரர் வேண்டும் என்றால் இரண்டாவது விளம்பரம் ஒன்று வேறு தலைப்போடு போட்டுப் பார்க்கலாம், சில தளங்களில் ஒரே வீட்டை இரண்டு தடவை போட்டால் எடுத்துவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊவாக்காரன்

சிம்னிக் குழாயைப் போய்ப் பார்த்தேன், அக்கா சொன்ன மாதிரியே மேலே தகரம் போட்டு மூடியிருக்கிறது. கல்கட்டில் இரண்டு துவாரம் அடைபட்டிருந்தது, பாஸைக் கொண்டு சுத்தம் செய்தாயிற்று.

கட்டாரில் இருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் பேசினேன். மறுக்கவில்லை. "அம்மாவைக் கேட்டுச் சொல்றேன் அண்ணே" என்கிறார். அவருக்கு அடுத்த லீவு சித்திரை வருஷத்துக்குத்தான். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. தம்பி இந்தத் தலைப்போடு உடனே போட்டுவிடுவோம் என்கிறான். அக்கா வழியுரிமை பதிந்த பிறகு "வாகனம் வாசல் வரை" என்று சேர்த்து நல்ல விலைக்குப் போடுவோம் என்கிறாள்.

சங்கிலி

நான் அக்கா பக்கம். அந்த மூன்று அடிக் காகிதம் இருந்தால் கடன் எடுத்து வாங்குபவரும் வரலாம். இல்லாவிட்டால் கையில் காசு உள்ளவர் மட்டும்தான், அவர் குறைத்துக் கேட்பார்.

ஹட்டன் அக்கா

நான் தம்பி பக்கம். பூட்டிய வீடு மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சுவரில் பூஞ்சணம் ஏறினால் புதுக் கூரையைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை. போடுங்கள், வழி வேலை நடக்கிறது என்று உள்ளே சொல்லுங்கள். முற்பண ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதலாம் அல்லவா ஐயா?

கந்தோர்க்காரன்

எழுதலாம். இன்ன திகதிக்குள் வழியுரிமை உறுதி பதியாவிட்டால் முற்பணம் முழுதாகத் திரும்பும் என்று. ஆனால் அந்தத் திகதி ஊவாக்காரர் கையில் இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவின் கையில் இருக்கிறது. அதனால் தம்பி, இரண்டில் எதைச் செய்தாலும், முதலில் அந்த அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள். போனில் பேசுகிற விஷயம் இல்லை இது.

ஊவாக்காரன்

வரும் சனிக்கிழமை அக்காவும் நானும் போகிறோம். தலைப்பை மட்டும் இன்றே மாற்றிவிட்டேன், "அவசரம்" போய்விட்டது. அந்த அம்மா என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.